சனிக்கிழமை இரவு ஒரு மணி எந்தக் கிழமை?

ஏ.ஆர். ரகுமான் ஆஸ்கர் வாங்கியது எப்போது என்று சென்னையில் கேட்டால், அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திங்கட்கிழமை காலை என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அரங்கில் இருந்தவர்களைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பார்கள். அங்கே விழா தொடங்கியது 2009 பிப்ரவரி 22, ஞாயிறு மாலை 5.30 மணிக்கு. அந்த நொடியில் இந்தியாவில் பிப்ரவரி 23, திங்கள் காலை 7 மணி. இரண்டு தேதியும் சரி, இரண்டு கிழமையும் சரி.

இதை எழுத உட்காரும்போதுதான் வம்பு வருகிறது. "பிப்ரவரி 22 இரவு ரகுமான் இரண்டு ஆஸ்கர் விருதுகளை வென்றார்" என்று ஒருவர் எழுதினால், மதுரையில் படிப்பவர் அதைத் தன் ஊர் ஞாயிறு இரவாகவே எடுத்துக்கொள்வார். மதுரையின் ஞாயிறு இரவில் விழா தொடங்கவே இல்லை. "பிப்ரவரி 23 காலை, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த விழாவில்" என்று இன்னொருவர் எழுதுகிறார். இது இன்னும் மோசம். ஊர் அங்கே இருக்கிறது, பொழுது இங்கே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 23ஆம் தேதி விடிந்தபோது விழா முடிந்து அரங்கம் காலியாகிவிட்டது. தமிழில் வரும் வெளிநாட்டுச் செய்திகளிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் அதிகம் தட்டுப்படுவது இந்த இரண்டாவது வகைப் பிழைதான். எழுதுபவர் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கிறார், மூலச் செய்தியைப் பார்த்து ஊரைக் குறிக்கிறார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இதற்கு மருந்து எளிது. ஊர், தேதி, கிழமை, பொழுது ஆகிய நான்கும் ஒரே இடத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். முதலில் சம்பவம் நடந்த ஊரின் கணக்கில் நான்கையும் சொல்லி வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். வாசகரின் ஊர்க் கணக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனி வாக்கியம். "லாஸ் ஏஞ்சலஸில் பிப்ரவரி 22, ஞாயிறு மாலை 5.30 மணிக்கு விழா தொடங்கியது. இந்தியாவில் அப்போது 23ஆம் தேதி, திங்கள் காலை 7 மணி." இப்படி எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள். இரண்டாவது வாக்கியத்தில் "அப்போது" என்ற சொல் வந்துவிடுவதால், இது வேறொரு நிகழ்ச்சியோ என்ற ஐயமும் எழாது.

பெரும்பாலான நேரங்களுக்கு இது போதும். போதாமல் போவது ஒரு குறுகிய இடைவெளியில்: நள்ளிரவு 12 மணிக்கும் விடியற்காலை 3, 4 மணிக்கும் நடுவில்.

மனிதன் நிலவில் இறங்கிய நேரத்தையே பார்க்கலாம். 1969 ஜூலை 20, ஞாயிறு பிற்பகல் 3.17-க்கு, ஹூஸ்டன் நேரப்படி, கழுகு என்று பெயரிட்ட கலம் நிலவின் தரையைத் தொட்டது. இந்தியக் கடிகாரம் அப்போது 1.47 காட்டியது. இதை எப்படி எழுதுவது? "ஜூலை 20 இரவு 1.47" என்று ஒருவர் எழுதலாம். ஞாயிறு இரவு விழித்துக்கொண்டு வானொலியைக் கேட்டவருக்கு அது ஞாயிறு இரவின் நீட்சிதானே. "ஜூலை 21 இரவு 1.47" என்றும் எழுதலாம், நாட்காட்டிப்படி அதுதான் சரி. ஆனால் படிப்பவர் இரண்டாவதை, 21ஆம் தேதி முழுப் பகலும் கழிந்து வரும் இரவாக எடுத்துக்கொண்டால் ஒரு நாள் பிசகிவிடும். ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தது இந்திய நேரம் 21 காலை 8.26-க்கு. அப்படியானால் இறங்குவதற்கு முன்பே நடந்துவிட்டார் என்றாகும்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் தமிழர்களின் கவனக்குறைவு இல்லை. தமிழ் வீட்டில் இரண்டு நாள் கணக்குகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பஞ்சாங்கத்தின் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை போகிறது. மகா சிவராத்திரிக்குக் கோயிலில் நான்கு கால பூஜை நடக்கும். கடைசிக் காலம் முடியும்போது பொழுது விடியப் போகும், ஆனாலும் அது முழுவதும் ஒரே நாளின் இரவு. பேச்சு வழக்கும் இதைத்தான் பின்பற்றுகிறது. "வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து சேர்ந்தான்" என்று அம்மா சொன்னால், வெள்ளிக்கிழமை படுத்து இன்னும் எழாத அந்த இரவு என்று வீட்டில் எல்லோருக்கும் புரியும். அரசாங்கக் கடிகாரமோ, ரயில்வேயோ, விமான நிறுவனமோ நள்ளிரவு 12 மணிக்கே நாளை மாற்றிவிடுகிறது. இரண்டு கணக்கும் சேர்ந்து வாழலாம், ஒரே தாளில் எழுதப்படும்போதுதான் மோதுகின்றன.

விமானச் சீட்டில் இந்த மோதலை நேராகப் பார்க்கலாம். மார்ச் 15, 00.10 என்று சீட்டில் இருக்கிறது. 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டுக்குக் கிளம்பும் மகன் அப்பாவுக்கு "ஞாயிற்றுக்கிழமை இரவு 12.10-க்கு பிளைட்" என்று செய்தி அனுப்புகிறான். அப்பா ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவன் கிளம்புவான் என்று நினைத்துக்கொள்கிறார். விமானமோ சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகே புறப்பட்டுவிடும். ஞாயிறு இரவு விமான நிலையத்துக்குப் போய்ப் பயன் இல்லை.

இந்த மூன்று நான்கு மணி நேரத்துக்கு மட்டும் "இரவு" என்ற சொல்லைத் தனியாக விடக்கூடாது. நாட்காட்டித் தேதியோடு எழுதும்போது "அதிகாலை" என்று எழுதுவது நல்லது: ஜூலை 21, திங்கள் அதிகாலை 1.47. அதிகாலை என்றால் அது வரும் பகலைச் சேர்ந்தது என்ற எண்ணம் தமிழ் வாசகருக்குத் தானாக வந்துவிடும். திங்கள் அதிகாலைக்குப் பின் திங்கள் காலை வரும். இதில் யாரும் தவறமாட்டார்கள். ஒரு மணியைப் போய் அதிகாலை என்பதா என்று சிலருக்கு உறுத்தும். நாலு மணிக்குக் கோலம் போட எழுந்தவர்களின் சொல் அது. உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் நாள் தவறுவதைவிட உறுத்தல் மேல். அந்த உறுத்தலும் வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: "சனி இரவு கழிந்து, ஞாயிறு 12.10-க்கு விமானம்." கொஞ்சம் நீளம். ஆனால் கைபேசியில் இதைப் படிக்கும் அப்பா எந்த ராத்திரி வண்டி எடுக்க வேண்டும் என்று திரும்பக் கேட்கமாட்டார்.

சரியாக 12 மணிக்கும் இதே கவனம் தேவை. "15ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோடு விண்ணப்பம் முடிகிறது" என்றால் 15 தொடங்கும்போதா, முடியும்போதா? "15ஆம் தேதி இரவு 11.59 வரை" என்று எழுதினால் கேள்வியே இல்லை. பகல் 12-க்கு "நண்பகல் 12" என்று எழுதிவிட வேண்டும், வெறும் 12 போதாது.

மற்ற பொழுதுச் சொற்களில் இத்தனை ஆபத்து இல்லை. 7 மணியை ஒருவர் மாலை என்பார், இன்னொருவர் இரவு என்பார். இரண்டும் ஒரே 7 மணிதான், நாளும் ஒன்றுதான். அதைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. ஆனால் "பிற்பகல்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இலங்கைத் தமிழில் அலுவலகக் கடிதங்களிலும் அழைப்பிதழ்களிலும் மு.ப., பி.ப. என்ற சுருக்கங்கள் வேரூன்றியவை. அங்கே பி.ப. 8.30 என்றால் இரவு எட்டரை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் பிற்பகல் என்றால் சாப்பாட்டுக்குப் பின், காப்பிக்கு முன். கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் சில இடங்களில் "பிற்பகல் 9:30" என்று வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளை இரண்டாக மட்டுமே பிரிக்கும் ஆங்கில முறையை எந்திரம் அப்படியே தமிழில் போட்டுவிட்டது. யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் சேர்ந்து படிக்கப்போகும் ஒன்றை எழுதுகிறவர், பிற்பகல் என்ற சொல்லை 4 மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குப் பின் மாலை, பின் இரவு. இரண்டு ஊருக்கும் புரியும்.

அடுத்து, கணக்கு. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. பத்தரையைக் கழித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் அங்கே உள்ளவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். காலையை இரவாக்கு, ஒன்றரை மணி நேரம் கூட்டு. சென்னையில் காலை 7 என்றால் அங்கே இரவு 8.30. கோடையில் இரண்டரை கூட்ட வேண்டும், இரவு 9.30. எண் எப்போதும் சரியாகவே வரும். நாள் மட்டும் ஏமாற்றும். சென்னையில் ஞாயிறு காலை 7 என்றால் டொராண்டோவில் சனி இரவு, முந்தைய நாள். இதைப் பழகியவர்கள், "நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு முந்தைய நாள் இரவு" என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். அது காலை பத்தரை வரைதான் உண்மை.

குளிர்காலத்தில் சென்னைக் கடிகாரம் காலை 10.30-ஐத் தொடும்போது டொராண்டோவில் நள்ளிரவு 12. அங்கேயும் ஞாயிறு பிறந்துவிட்டது. சென்னையில் ஞாயிறு காலை 11 மணிக்கு ஒரு கூட்டம் என்றால் டொராண்டோவில் 12.30. பழக்கத்தில் "சனி இரவு 12.30" என்று எழுதிவிட்டால், நாட்காட்டியை மட்டும் நம்புகிறவர் சனி பிறந்த அரை மணியில் கணினி முன் உட்காருவார். அது ஒரு முழு நாள் முன்னால். கோடையில் இந்த எல்லை சென்னைக் காலை 9.30-க்கு நகர்கிறது. ஆகவே கனடாவுக்கோ அமெரிக்கக் கிழக்குக் கரைக்கோ எழுதும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டதா என்பது. எண்ணை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் அழைப்பை முழுவதுமாக எழுதிப் பார்ப்போம். டொராண்டோ நண்பர்கள் சிலர் 2026 மார்ச் 14, சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு இணையவழியில் ஒரு புத்தக உரையாடல் வைக்கிறார்கள் என்று கொள்வோம். இப்படிப்பட்ட அழைப்புகளில் வழக்கமாக "கனடா நேரம், ஐரோப்பிய நேரம், இந்திய நேரம்" என்று மூன்று வரிகள் இருக்கும். இந்திய நேரம் என்பது ஒன்று உண்டு, இலங்கைக்கும் அதே நேரம்தான். கனடா நேரம் என்று ஒன்று இல்லை. வான்கூவரில் இருப்பவருக்கு டொராண்டோவின் காலை 10.30 காலை 7.30 ஆகிவிடும். ஐரோப்பிய நேரமும் இல்லை, லண்டனும் பாரிஸும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கின்றன. அதனால் நாட்டின் பெயரை விட்டுவிட்டு ஊரின் பெயரைப் போட வேண்டும். ரொறன்ரோ என்று எழுதினாலும் டொராண்டோ என்று எழுதினாலும் ஊர் ஒன்றுதான், வாசகருக்குத் தெரியும்.

அடுத்தது, மார்ச் மாதத்தின் பொறி. கனடாவும் அமெரிக்காவும் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகின்றன. 2026இல் அது மார்ச் 8. பிரிட்டனும் ஐரோப்பாவும் கடைசி ஞாயிறன்றுதான் தள்ளுகின்றன, அது மார்ச் 29. நடுவில் மூன்று வாரங்களுக்கு டொராண்டோ மட்டும் மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. பிப்ரவரி அழைப்பை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் திருத்தினால், அதில் டொராண்டோ காலை 10.30, லண்டன் பிற்பகல் 3.30, சென்னை இரவு 9.00 என்று இருக்கும். மார்ச் 14 அன்று லண்டன்காரரும் சென்னைக்காரரும் அதை நம்பி வந்தால் ஒரு மணி நேரம் தாமதம். பேச்சாளர் பேசி முடித்து நன்றியுரை நடந்துகொண்டிருக்கும். அன்றைக்குச் சரியான அழைப்பு இது:

டொராண்டோ: மார்ச் 14, சனி காலை 10.30
லண்டன்: மார்ச் 14, சனி பிற்பகல் 2.30
பாரிஸ்: மார்ச் 14, சனி பிற்பகல் 3.30
சென்னை, யாழ்ப்பாணம்: மார்ச் 14, சனி இரவு 8.00
சிங்கப்பூர், கோலாலம்பூர்: மார்ச் 14, சனி இரவு 10.30
சிட்னி: மார்ச் 15, ஞாயிறு அதிகாலை 1.30 (சனி இரவு கழிந்து)

ஒவ்வொரு வரியிலும் தேதியும் கிழமையும் திரும்பத் திரும்ப வருவது சலிப்பாகத் தோன்றும். ஆனால் யாரும் ஆறு வரியையும் படிக்கப்போவதில்லை. தன் ஊரைத் தேடி, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு, அதை மட்டும் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். வரி தனியாகப் பயணிக்கும்போது தேதியும் கூடப் போக வேண்டும். சிட்னி வரியில் மட்டும் அடைப்புக்குறி இருப்பதற்குக் காரணம், அங்கே மட்டும்தான் நாள் மாறுகிறது. எல்லா வரியிலும் விளக்கம் போட்டால் உண்மையில் தேவைப்படும் இடத்தில் கண் நிற்காது.

அதே கூட்டத்தை ஏப்ரல் 11, சனிக்கிழமை மறுபடி வைத்தால், டொராண்டோவும் ஆசிய ஊர்களும் மாறாமல் நிற்க, மற்ற ஊர்கள் நகரும். லண்டன் பிற்பகல் 3.30 ஆகும். பாரிஸ் 4.30-க்குப் போவதால் அங்கே பிற்பகல் என்ற சொல் மாலையாக மாற வேண்டும். சிட்னி ஏப்ரலின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்தள்ளிவிடுவதால் அங்கே ஞாயிறு 12.30 ஆகிவிடும், அதிகாலை என்பதைவிட "சனி நள்ளிரவு தாண்டி, ஞாயிறு 12.30" என்பது பொருந்தும். எண்ணைத் திருத்தியவர்கள் சொல்லைத் திருத்த மறப்பதுண்டு. "காலை 12.30" போன்ற வினோதங்கள் அப்படித்தான் அச்சேறுகின்றன.

இன்னொரு தயக்கம் வடக்கே வாழ்பவர்களுக்கு வரும். லண்டனில் ஜூன் மாதத்தில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது. பிள்ளைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருக்கும்போது இரவு 8 மணி என்று எழுதக் கை வராது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதை மாலை என்பதற்கும் மனம் ஒப்பாது. சென்னையில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணியைச் சுற்றியே மறைவதால், கடிகாரமும் வெளிச்சமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை; தமிழ்ப் பொழுதுச் சொற்கள் அந்த வானத்துக்கு ஏற்ப அமைந்தவை. இங்கே இரண்டு வகை எழுத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழைப்பிதழ், செய்தி, பயணக் குறிப்பு என்றால் சொல் கடிகாரத்தோடு போகட்டும்: ஜூன் மாதம் என்றாலும் இரவு 8 மணிதான். கதையிலும் அனுபவக் கட்டுரையிலும் வெளிச்சத்தைத் தனியாகச் சொல்லலாம்: "இரவு எட்டு மணி, வெயில் இன்னும் சாயவில்லை." இந்த வாக்கியம் நேரத்தையும் சொல்கிறது, அந்த ஊரின் கோடையையும் காட்டிவிடுகிறது. அதற்குப் பதிலாக "மாலை எட்டு மணி" என்று எழுதினால் நேரம் தவறாது, ஆனால் சொந்த ஊரில் படிப்பவருக்கு அந்த வெயில் தெரியாமலே போய்விடும்.

பொழுதுச் சொல்லும் தேதியும் ஊரும் சேர்ந்தாலும் போதாத ஒரே ஒரு மணி நேரம் ஆண்டில் உண்டு. டொராண்டோவில் கோடை நேரம் முடியும் நாளில், 2026இல் அது நவம்பர் 1, ஞாயிறு, அதிகாலை 2 மணியானதும் கடிகாரம் மறுபடி 1 மணிக்குப் போய்விடும். அன்று அதிகாலை 1.30 இரண்டு முறை வருகிறது. அந்த இரவில் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிக்கும் சோதிடருக்கு இது விளையாட்டுச் சங்கதி இல்லை. ஒரு மணி நேரம் மாறினால் லக்னமே மாறிவிடக்கூடும். ஊருக்கு நேரம் எழுதி அனுப்பும் தாத்தா பாட்டி, "நவம்பர் 1, ஞாயிறு அதிகாலை 1.30, டொராண்டோ, கடிகாரம் பின்தள்ளுவதற்கு முன்" என்றோ "பின்தள்ளிய பின்" என்றோ சேர்த்து எழுத வேண்டும். கூடவே இந்திய நேரத்தையும் போட்டுவிட்டால் ஐயம் முழுதும் தீரும்: முதல் 1.30-க்கு இந்தியாவில் காலை 11.00, இரண்டாவதற்கு நண்பகல் 12.00.